கரண்ட் போனால் கதவு திறக்குமா?

விரல் வைத்தால் திறக்கும் கதவை வீட்டிலோ சிறிய அலுவலகத்திலோ சொந்தமாக அமைப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது R307 கைரேகை மாட்யூல், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு ரிலே, 12 வோல்ட் பூட்டு ஆகியவற்றைத்தான். மாட்யூல் ரேகையைச் சரிபார்க்கிறது. ஆர்டுயினோ ரிலேவைத் தட்டுகிறது. ரிலே பூட்டுக்குப் போகும் மின்சாரத்தைக் கொடுக்கிறது அல்லது துண்டிக்கிறது.

மாட்யூலுக்கு 5 வோல்ட், கிரவுண்ட், TX, RX என்று நான்கு ஒயர்கள் போதும். ஒயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் போர்டில் அச்சிட்ட பெயரைப் பார்த்தே இணைக்க வேண்டும். பூட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே 1N4007 டயோடு ஒன்றை, அதன் வெள்ளைக்கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி போடுவது அவசியம். பூட்டுக்குள் இருக்கும் காயிலில் மின்சாரம் துண்டிக்கப்படும்போது எழும் மின்வீச்சை அது உள்வாங்கிக்கொள்ளும். கதவு இயங்கும் ஒவ்வொரு முறையும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறதென்றால் முதலில் இந்த டயோடைத்தான் பார்க்க வேண்டும்.

பதிவு செய்யும்போது ஒரே விரலை இரண்டு முறை வைக்கச் சொல்வார்கள். இரண்டும் ஒத்துப்போனால் ரேகையின் அடையாளப் புள்ளிகளைத் தொகுத்து, ஓர் எண்ணின் கீழ் மாட்யூல் சேமித்துக்கொள்ளும். அதே எண்ணில் இன்னொருவரைப் பதிந்தால் முன்னவர் சத்தமில்லாமல் அழிந்துபோவார். அதனால் எந்த எண் யாருடையது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. விரலில் காயம் பட்டால் சமாளிக்க, ஒருவருக்கு இரு கைகளிலும் ஒவ்வொரு விரலைப் பதியலாம்.

கரண்ட் போனாலும் இந்தப் பதிவுகள் அழியாது. அவை மாட்யூலின் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. கதவு திறக்குமா, பூட்டியே கிடக்குமா என்பதை முடிவு செய்வது பூட்டின் வகை. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் கதவு திறந்துவிடும். சாதாரண சோலனாய்டு பூட்டு இதற்கு நேர் எதிர். மின்சாரம் இல்லாவிட்டால் அதன் நாக்கு வெளியே நீண்டபடியே இருக்கும், கதவு பூட்டியே கிடக்கும்.

இருட்டில் உள்ளே இருப்பவர் வெளியேற வேண்டிய கதவுக்குக் காந்தப் பூட்டே பொருத்தம். 12 வோல்ட் பூட்டு அரை ஆம்பியர் இழுத்தால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி போர்டையும் சேர்த்துச் சுமாராக 10 மணி நேரம் தாங்கும். வெளியேறும் சுவிட்சை ஆர்டுயினோ வழியாகக் கொண்டுபோகாமல், பூட்டுக்குப் போகும் ஒயரையே துண்டிப்பதாகப் பொருத்த வேண்டும். அப்போதுதான் போர்டு செயலிழந்தாலும் உள்ளே இருப்பவர் வெளியே வரலாம்.

கரண்ட் திரும்பும் நொடியிலும் ஒரு சிக்கல் உண்டு. பல ரிலே மாட்யூல்கள் LOW கொடுத்தால்தான் இயங்கும். ஸ்கெட்சில் பின்னை முதலில் OUTPUT ஆக்கினால் ரிலே ஒரு கணம் தட்டி, பூட்டு விட்டுவிடும். வரிசையை மாற்றினால் தீரும்:

```
digitalWrite(7, HIGH);
pinMode(7, OUTPUT);
```

சோலனாய்டு பூட்டு வைத்திருப்பவர்கள் சாவித் துளை உள்ள மாடலாகப் பார்த்து வாங்கி, ஒரு சாவியை வீட்டுக்கு வெளியே நம்பகமானவரிடம் கொடுத்து வையுங்கள். பொருத்திய அன்றே மெயின் சுவிட்சை அணைத்து, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.