வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர், மலையில் எவ்வளவு?

வரைபடம் நிலத்தை நேர் மேலிருந்து பார்த்து வரையப்படுவது. அதில் அளக்கும் தூரம் கிடைமட்டத் தூரம் மட்டுமே. ஏற்றம் அதில் சேராது.

1:50,000 அளவுள்ள வரைபடத்தில் இரண்டு இடங்கள் 2 செ.மீ. இடைவெளியில் இருந்தால், கிடைமட்டத் தூரம் 1,000 மீட்டர். அவற்றின் உயர வேறுபாட்டைச் சம உயரக் கோடுகள் காட்டும். 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், 15 இடைவெளிகளுக்கு 300 மீட்டர். கிடைமட்டமும் உயரமும் செங்கோணத்தில் சேர்வதால், சரிவு அந்த முக்கோணத்தின் கர்ணமாகிறது. பித்தாகரஸ் தேற்றப்படி இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 10,90,000. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1,044. செங்குத்தாகத் தோன்றும் ஏற்றத்துக்கும் கூடுதல் தூரம் 44 மீட்டர்தான்.

மிதமான சரிவில் இது இன்னும் சொற்பம். நீலகிரி மலை ரயில் பல்சக்கரப் பாதையில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அங்கும் கிலோமீட்டருக்கு மூன்றரை மீட்டர்தான் கூடுகிறது. ஆனால் சரிவு இரட்டித்தால் கூடுதல் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 45 பாகையில் 1,000 மீட்டர் 1,414 ஆகிவிடும்.

இந்தக் கணக்கு சீரான சரிவுக்கே பொருந்தும். நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால், இரு முனைகளின் உயரத்தை மட்டும் எடுப்பது தவறான விடை தரும். முனைகள் சம உயரத்தில் இருந்தால் கூடுதலே இல்லை என்றுகூடக் காட்டும். அப்போது பாதையை ஏற்ற இறக்கம் மாறும் இடங்களில் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் கர்ணம் கண்டு கூட்ட வேண்டும்.