ஒரு வரிசை, ஒரு பிள்ளை: வருகைப் பதிவேட்டிலிருந்து கணினிப் பட்டியலுக்கு



மாலைநேரப் படிப்பு மையத்தின் வருகை விவரத்தை இப்போது கணினியில் ஏற்றி, மாதம் ஒருமுறை அச்செடுத்துக் குழுக்களுக்குக் கொடுக்கிறோம். போன கூட்டத்தில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா கேட்டார்: "ரோங்கிறீங்க, காலம்ங்கிறீங்க, ஃபீல்டு, ரெக்கார்டுன்னு வேற சொல்றீங்க. நோட்டுல எழுதுனப்ப இதெல்லாம் இல்லையே?"

நோட்டிலும் இதெல்லாம் இருந்தது. பெயர் மட்டும்தான் வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் இந்த நான்கு சொல்லும் மறக்காது.

பதிவேட்டைத் திறந்து பார்ப்போம்

ஒரு வாரத்துக்கான வருகை இது. நாலே நாலு பிள்ளைகளை மட்டும் எடுத்திருக்கிறேன், பெயர்களை மாற்றிவிட்டேன். வந்தால் 1, வராவிட்டால் 0.

| வ.எண் | சேர்க்கை எண் | பெயர் | திங்கள் | செவ்வாய் | புதன் | வியாழன் | வெள்ளி | வந்த நாள் |
|---|---|---|---|---|---|---|---|---|
| 1 | 14 | வசந்தி | 1 | 1 | 1 | 1 | 1 | 5 |
| 2 | 15 | கண்ணன் | 1 | 0 | 0 | 1 | 0 | 2 |
| 3 | 18 | மீனா | 1 | 1 | 0 | 1 | 1 | 4 |
| 4 | 21 | அமுதா | 0 | 1 | 0 | 0 | 1 | 2 |

இடமிருந்து வலமாக, படுக்கைவாட்டில் போவது வரிசை. கணினியில் இதை ரோ என்பார்கள். மேலிருந்து கீழாக, நெட்டுக்குத்தாக இறங்குவது பத்தி. அதுதான் காலம். வீட்டில் பாய் விரித்து வரிசையாக உட்கார்வது ரோ, தூண் நிற்பது காலம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மற்ற இரண்டு சொல். வசந்தியின் வரிசையில் விரலை வைத்து ஓட்டுங்கள். எண் 14, பெயர் வசந்தி, ஐந்து நாளும் வந்திருக்கிறாள். வசந்தி என்ற ஒரு பிள்ளையைப் பற்றிய முழுச் செய்தியும் அந்த ஒரே வரிசையில் இருக்கிறது. அந்த முழுச் செய்திக்குத்தான் ரெக்கார்டு, தமிழில் பதிவு என்று பெயர். நாலு பிள்ளை என்றால் நாலு பதிவு.

இப்போது 'பெயர்' என்ற பத்தியில் விரலை மேலிருந்து கீழே இறக்குங்கள். எல்லாமே பெயர்தான். அங்கே தேதியோ ஊரோ இருக்காது. ஒவ்வொரு பிள்ளையிடமும் நாம் கேட்கும் ஒரே கேள்விக்கான பதில்கள் அவை. அந்தக் கேள்விக்குத்தான் ஃபீல்டு, அதாவது புலம் என்று பெயர். பத்தியின் தலைப்பில் எழுதியிருப்பது அந்தக் கேள்வி, கீழே இருப்பவை பதில்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ரோவும் காலமும் தாளில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள். ரெக்கார்டும் ஃபீல்டும் அந்தக் கோடுகளுக்குள் இருக்கும் அர்த்தம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். ஒன்றாகப் போகாத இடத்தில்தான் தப்பு நடக்கும்.

நான் செய்த தப்பு

பட்டியலில் பெயரைத் தேடச் சிரமமாக இருக்கிறதே, அகர வரிசையில் அடுக்கினால் நல்லது என்று ஒருநாள் நினைத்தேன். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்வு செய்து, அடுக்கும் பொத்தானை அழுத்தினேன். எக்செல் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்டது. அதில் இரண்டு வழி இருக்கும்: `Expand the selection`, `Continue with the current selection`. அவசரத்தில் நான் இரண்டாவதை அழுத்திவிட்டேன்.

என்ன ஆனது தெரியுமா? பெயர்கள் மட்டும் அமுதா, கண்ணன், மீனா, வசந்தி என்று அழகாக அடுக்கிக்கொண்டன. பக்கத்தில் இருந்த 1, 0 எதுவும் நகரவில்லை. கண்ணனும் மீனாவும் தற்செயலாக இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் அமுதா முதல் வரிசைக்குப் போய்விட்டாள், வசந்தி கடைசி வரிசைக்கு வந்துவிட்டாள். தினமும் வந்த வசந்தியின் பெயருக்கு நேரே 2 நாள். இரண்டே நாள் வந்த அமுதாவுக்கு 5 நாள்!

இதில் கெட்ட விஷயம், தப்பு நடந்ததே தெரியாது என்பதுதான். மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். முன்பும் 13, இப்போதும் 13. நாலு பெயரும் இருக்கிறது, நாலு வரிசையும் இருக்கிறது. ரோ கலையவில்லை, ரெக்கார்டு உடைந்துவிட்டது.

அந்தத் தாளை நம்பி நான் வசந்தி வீட்டுக்குப் போனேன். "பிள்ளை ஏம்மா வர்றதில்ல?" என்று கேட்டேன். அவள் அம்மா நம் உறுப்பினர்தான். "தெனமும் அஞ்சு மணிக்கு நாந்தானே கொண்டுவந்து விடுறேன்" என்றார். பின்னாலேயே நின்ற பிள்ளையின் முகம் வாடிப்போனது. நோட்டை எடுத்துவந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அதைவிட வருத்தம் அமுதாவைப் பற்றித்தான். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். அவளைத்தான் நான் முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். தாளில் 5 நாள் என்று இருந்ததால் இரண்டு வாரம் யாரும் அவளைத் தேடவில்லை.

அப்படியானால் எப்படி அடுக்குவது?

தலைப்பு முதல் கடைசிப் பிள்ளை வரை எல்லாப் பத்தியையும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள். `Data` பகுதியில் `Sort` என்பதை அழுத்துங்கள். `My data has headers` என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லாவிட்டால் தலைப்பையும் ஒரு பிள்ளையாக நினைத்து அடுக்கிவிடும். பிறகு 'பெயர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி வந்து கேட்டால் `Expand the selection` தான் சரி. இப்போது பெயர் நகரும்போது அந்தப் பிள்ளையின் வரிசை முழுவதும் கூடவே நகரும். தப்பாக அழுத்திவிட்டால் உடனே Ctrl+Z அழுத்தினால் பழையபடி வந்துவிடும். கோப்பை மூடிய பிறகு அது முடியாது. அதனால் அடுக்குவதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

ஏற்கெனவே உடைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் சேர்க்கை எண். வசந்தி மையத்தில் சேர்ந்தபோது கொடுத்த எண் 14. மாதம் மாறினாலும், வகுப்பு மாறினாலும் அது மாறாது. பட்டியலில் 14க்கு நேரே அமுதா என்று இருந்தால் அப்போதே பிடித்துவிடலாம். வரிசை எண்ணால் இந்த உபயோகம் இல்லை. அது இடத்தின் எண், பிள்ளையின் எண் இல்லை. பெயரை மட்டும் நம்பவும் முடியாது. ஒரே மையத்தில் இரண்டு மீனா இருப்பது சகஜம்தானே.

மொத்தம் என்று ஒரு பிள்ளை

நோட்டில் எழுதும்போது கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு வரிசை போடுவோம். தாளில் அது ஒரு ரோ. ஆனால் ரெக்கார்டு இல்லை, ஏனென்றால் மொத்தம் என்ற பெயரில் நம்மிடம் பிள்ளை யாரும் படிக்கவில்லை! நமக்கு இது தெரியும், கணினிக்குத் தெரியாது. அதையும் சேர்த்து அடுக்கினால் மொத்தம் என்பது மீனாவுக்கும் வசந்திக்கும் நடுவில் போய் உட்காரும். எண்ணச் சொன்னால் ஐந்து பிள்ளை என்று சொல்லும். வந்த நாளைக் கூட்டச் சொன்னால் 13உம் 13உம் சேர்த்து 26 என்று காட்டும். அதனால் மொத்தத்தைப் பட்டியலுக்குக் கீழே ஒட்டாமல், ஒரு வரி இடம் விட்டு எழுதுங்கள், அல்லது வேறு தாளில் எழுதுங்கள்.

பிள்ளைவாரியாகக் கூட்டுவது வேறு. அது அந்தப் பிள்ளையின் வரிசைக்குள்ளேயே இருப்பதால் தொந்தரவு இல்லை. வசந்தியின் 'வந்த நாள்' கட்டத்தில் இப்படி எழுதினால் போதும்:

```
=SUM(D2:H2)
```

D என்பது திங்கள் பத்தி, H என்பது வெள்ளி. தலைப்பு முதல் வரிசையில் இருப்பதால் வசந்தி இரண்டாவது வரிசை. ஆகவே D2 முதல் H2 வரை கூட்டு என்று அர்த்தம்.

ஒரு கட்டத்தில் ஒரு செய்தி

நம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். காலையில் வந்தால் ஒரு சாய்கோடு, மதியமும் இருந்தால் எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி மாதிரி தெரியும். தாளில் இது நல்ல சுருக்கம். ஆனால் ஒரே கட்டத்துக்குள் காலை, மதியம் என்று இரண்டு செய்தி இருக்கிறது. இதைக் கணினியில் ஏற்றும்போது ஒரே பத்தியில் 1 என்று போட்டால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் வீட்டுக்குப் போய்விடும் பிள்ளை முழுநாள் வந்ததாக ஆகிவிடும். இரண்டு கேள்வி என்றால் இரண்டு ஃபீல்டு. காலைக்கு ஒரு பத்தி, மதியத்துக்கு ஒரு பத்தி.

அதேபோல, காலியாக விடுவதும் 0 போடுவதும் ஒன்றல்ல. 0 என்றால் மையம் நடந்தது, பிள்ளை வரவில்லை. காலி என்றால் பதிலே இல்லை. ஒரு பிள்ளை புதன்கிழமைதான் புதிதாகச் சேர்ந்தது என்று வையுங்கள். திங்களுக்கும் செவ்வாய்க்கும் 0 போட்டால், சேருவதற்கு முன்பே இரண்டு நாள் மட்டம் போட்டதாகக் கணக்கு சொல்லும். அந்த இரண்டு கட்டத்தையும் காலியாக விடுங்கள்.

வீட்டுப்பாடம்

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழுவின் சேமிப்புப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டே கேள்வி. இதில் ஒரு வரிசை யாரைப் பற்றியது, அல்லது எதைப் பற்றியது? ஒவ்வொரு பத்தியும் என்ன கேள்வி கேட்கிறது? எந்த வரிசைக்காவது, எந்தப் பத்திக்காவது பதில் சொல்ல முடியவில்லை என்றால் அதைப் பென்சிலால் சுழித்துக் கொண்டுவாருங்கள். கணினியில் ஏற்றுவதற்கு முன் அதைச் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம்.

அமுதா இப்போது மையத்துக்கு வருகிறாள், தம்பியையும் கூட்டிக்கொண்டு. அவனுக்கு எண் 22. தனி வரிசை போட்டிருக்கிறோம்.