புட்டை வாங்கியது யார், விற்றது யார்?

2022 டிசம்பர் 28-ஆம் தேதி, அமெரிக்காவில் சிகாகோ ஆப்ஷன் சந்தை வெளியிட்ட ஓர் எண்ணைப் பார்த்துப் பலர் திடுக்கிட்டார்கள். தனிப் பங்குகளின் மீதான ஆப்ஷன்களில் அன்று கைமாறிய புட்களின் எண்ணிக்கையை, கைமாறிய கால்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அந்த எண். வழக்கமாக 1-க்குக் கீழேயே கிடக்கும். அன்று 2-ஐயும் தாண்டிவிட்டது. சந்தை பீதியில் உறைந்துவிட்டது என்றுதான் அதற்குப் பாடப்புத்தகப் பொருள். ஆனால் எஸ் அண்ட் பி 500 குறியீடு அன்று இறங்கியதோ ஏறக்குறைய 1.2 சதவீதம். பீதிக்கான வேறு அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை.

புட் என்பது ஒரு பங்கையோ குறியீட்டையோ குறிப்பிட்ட விலைக்கு விற்கும் உரிமை. கால் என்பது வாங்கும் உரிமை. விலை இறங்கினால் புட் வைத்திருப்பவருக்கு லாபம், ஏறினால் கால் வைத்திருப்பவருக்கு லாபம். ஆகவே புட் அதிகமாக விற்றுத் தீர்ந்தால் மக்கள் பயப்படுகிறார்கள், கால் அதிகமானால் ஆசைப்படுகிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. இந்தப் புட்-கால் விகிதத்தைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் ஸ்வைக் என்ற அமெரிக்க முதலீட்டாளர். கூட்டம் அளவுக்கு மீறிப் பயந்தால் விற்க வேண்டியவர்கள் எல்லாம் விற்று முடித்திருப்பார்கள். எனவே விகிதம் உச்சத்துக்குப் போனால் அது வாங்கும் நேரம் என்பதுதான் அந்தச் சிந்தனை. அதில் நியாயம் இருக்கிறது. புட்டை வாங்குகிறவர் பயந்துதான் வாங்குகிறார் என்ற அனுமானம் உண்மையாக இருக்கும்வரை.

டிசம்பர் 28-ல் அந்த அனுமானம்தான் உடைந்தது. எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் தனிப் பங்குகளின் ஆப்ஷன்களை, காலாவதி நாள் வரை காத்திருக்காமல் எந்த நாளிலும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒருவரிடம் 100 பங்குகளும், அவற்றைத் தலா 200 டாலருக்கு விற்கும் உரிமை தரும் ஒரு புட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சந்தையில் பங்கின் விலை 100 டாலருக்கு விழுந்து கிடக்கிறது. அவர் இன்றே உரிமையைப் பயன்படுத்தினால் 20,000 டாலர் கைக்கு வரும். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க வட்டி விகிதம் அந்த டிசம்பரில் 4.25 முதல் 4.5 சதவீதம் வரை ஏறியிருந்தது. 4.5 சதவீதக் கணக்கில் அந்த 20,000 டாலருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை டாலர் வட்டி. பயன்படுத்தாமல் மறந்து உட்கார்ந்திருந்தால் அந்த வட்டி, புட்டை அவருக்கு விற்றவருக்குப் போகும். ஏனென்றால் 20,000 டாலரைக் கொடுக்க வேண்டியவர் இன்னும் கொடுக்கவில்லை.

மறந்தவர்கள் விடும் இந்த வட்டியைப் பெரிய தரகு நிறுவனங்கள் குறிவைத்தன. ஒரு குறிப்பிட்ட புட்டில் 500 ஒப்பந்தங்கள் அப்படித் தூங்குகின்றன என்று கொள்வோம். இரண்டு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று தலா 10,000 புட் விற்றுக்கொள்கின்றன. இருவரிடமும் வாங்கியதும் 10,000, விற்றதும் 10,000. இப்போது வாங்கிய 20,000-ஐயும் அன்றே பயன்படுத்திவிடுகிறார்கள். அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பதைத் தீர்வகம் குலுக்கல் முறையில், விற்றவர்கள் எல்லோரிடையேயும் பிரித்துவிடும். விற்கப்பட்டவை மொத்தம் 20,500; பயன்படுத்தப்பட்டவை 20,000. குலுக்கலில் தப்பிய 500-ல் ஏறக்குறைய 490 இந்த இரு நிறுவனங்களின் கையில்தான் இருக்கும், ஏனென்றால் விற்றதில் பெரும்பங்கு அவர்களுடையது. அவற்றுக்கு உரிமையைப் பயன்படுத்திப் பணம் வாங்கியாயிற்று. விற்ற பக்கம் கொடுக்க வேண்டிய பணத்தை யாரும் கேட்கவில்லை. நாளுக்கு 1,200 டாலர் அளவில் வட்டி வந்துகொண்டிருக்கும்.

இந்த வேலையில் யாரும் சந்தை ஏறும் என்றோ இறங்கும் என்றோ நினைக்கவே இல்லை. ஆனால் அன்றைய கணக்கில் 20,000 புட் கூடிவிட்டது. இப்படிப் பல பங்குகளில் நடந்தபோது விகிதம் 2-ஐத் தாண்டியது.

அதே ஆண்டு நவம்பர் 16-ல் இதே காரணத்தால் விகிதம் 1.4-ஐத் தாண்டியிருந்தது. பயத்தின் உச்சம், வாங்கலாம் என்று அன்று நம்பி வாங்கியவர், டிசம்பர் 28-க்குள் குறியீட்டில் 4 சதவீதத்துக்கு மேல் இழந்திருப்பார். டிசம்பர் 28-ன் எண்ணைப் பார்த்து வாங்கியவருக்கோ அடுத்த மாதம் லாபம் கிடைத்திருக்கும். தோற்றதும் ஜெயித்ததும் தற்செயல்தான். என்னை இந்த நிகழ்வில் அதிகம் உறுத்துவது அந்த லாபம்தான்: வெறும் வட்டிக் கணக்கு காட்டிய எண்ணை, பலித்துவிட்டது என்பதற்காகவே ஒருவர் அடுத்த பத்து வருடம் நம்பக்கூடும்.

நம் நாட்டில் இந்த வட்டி விளையாட்டுக்கு இடமில்லை. இங்கே நிஃப்டி ஆப்ஷன்களையும் பங்கு ஆப்ஷன்களையும் காலாவதி நாளில்தான் பயன்படுத்த முடியும். ஆனால் நம் குழப்பம் வேறு வகையானது, சொல்லப்போனால் இன்னும் அடிப்படையானது.

இங்கே பெரும்பாலோர் பார்ப்பது அன்று கைமாறிய எண்ணிக்கையை அல்ல. ஓப்பன் இன்ட்ரஸ்ட்டை, அதாவது இன்னும் முடிக்கப்படாமல் நிலுவையில் நிற்கும் ஒப்பந்தங்களை. பிசிஆர் என்று செல்போனில் வரும் எண் பெரும்பாலும் இதுதான். அதற்கு நம்மூர் டிரேடர்கள் சொல்லும் பொருள் அமெரிக்கப் பொருளுக்கு நேர் எதிர். ஆப்ஷனை விற்பதற்கு நிறைய மார்ஜின் பணம் வேண்டும், ஆகவே விற்பவர்கள் பெரிய கைகள்; அவர்கள் துணிந்து புட் விற்கிறார்கள் என்றால் சந்தை இறங்காது என்று நம்புகிறார்கள்; எனவே பிசிஆர் ஏறினால் சந்தைக்கு நல்லது என்பது இங்குள்ள வாசிப்பு. ஒரு ஊரில் புட் பெருகினால் பயம், இன்னொரு ஊரில் அதே புட் பெருகினால் தைரியம்.

இரண்டு வாசிப்பும் பாதி உண்மை. பயிர்க் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டாரத்தில் ஆயிரம் பாலிசிகள் போடப்பட்டன என்ற தகவல் மட்டும் கையில் இருக்கிறது. மழை பொய்க்கும் என்று விவசாயிகள் பயந்து முண்டியடித்தார்களா, மழை வரும் என்ற நம்பிக்கையில் கம்பெனி விலையைக் குறைத்து வீடு வீடாகப் போய் விற்றதா என்று அந்த ஆயிரம் என்ற எண் சொல்லாது. பிரீமியம் ஏறியதா இறங்கியதா என்று கேட்டால்தான் தெரியும்.

ஒரு கற்பனைக் கணக்கோடு இதை நிஃப்டியில் பார்ப்போம். திங்கட்கிழமை மாலை நிஃப்டி 24,000. நிலுவையில் உள்ள புட் 80 லட்சம் யூனிட், கால் 100 லட்சம். பிசிஆர் 0.8. மறுநாள் மாலை நிஃப்டி 23,980. கால் அதே 100 லட்சம். புட் 120 லட்சம். பிசிஆர் 1.2. இந்த அளவு ஏறினால் போதும், "பிசிஆர் பிரேக் ஆயிடுச்சு, நாளைக்கு ஏறும்" என்று செய்திகள் பறக்கும். புதிதாக வந்த 40 லட்சம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஆப்ஷன் செயினைத் திறந்து பார்க்க வேண்டும்.

அது 23,500 ஸ்டிரைக்கில் இருக்கிறது, அந்தப் புட்டின் பிரீமியம் 60 ரூபாயிலிருந்து 95-க்குப் போயிருக்கிறது என்று கொள்வோம். நிஃப்டி இறங்கியது வெறும் 20 புள்ளி. தூரத்தில் இருக்கும் புட் அதற்கு நான்கைந்து ரூபாய் ஏறலாம். ஒரு நாள் கழிந்ததால் தேய்வும் இருக்க வேண்டும். 35 ரூபாய் ஏறியிருக்கிறது என்றால் எந்த விலை கொடுத்தும் வாங்க ஆள் இருந்திருக்கிறது. இந்தியா விக்ஸும் சேர்ந்து ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது பயம். அதே ஸ்டிரைக்கில் பிரீமியம் 60-லிருந்து 40-க்கு வந்திருந்தால் கதை மாறுகிறது. விற்கிறவர்கள் விலையை அழுத்தியிருக்கிறார்கள். நம்மூர் வாசிப்பு ஓரளவு பொருந்துகிறது. இரண்டிலும் பிசிஆர் 1.2 தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் சந்தையில் இதை மறக்கவே கூடாது. 40 லட்சமும் 21,500 ஸ்டிரைக்கில், 2 ரூபாய் பிரீமியத்தில் இருக்கலாம். ஆப்ஷன் விற்பவர் கூடவே தூரத்து ஆப்ஷன் ஒன்றை வாங்கி வைத்தால் அவருக்கான மார்ஜின் கணிசமாகக் குறைகிறது. அதற்காகவே இந்த இரண்டு ரூபாய்ப் புட்கள் வாங்கப்படுகின்றன. 23,500-ல் 60 ரூபாய்க்கு 40 லட்சம் யூனிட் என்றால் 24 கோடி ரூபாய்ப் பணம். 21,500-ல் 2 ரூபாய்க்கு அதே 40 லட்சம் என்றால் 80 லட்சம் ரூபாய். பிசிஆர் இரண்டையும் ஒரே எடையாக எண்ணுகிறது. முப்பது மடங்கு வித்தியாசம் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எக்ஸ்பயரி நாளும் இந்த எண்ணைக் குலைக்கும். இந்த வார ஆப்ஷன்களில் புட் 150 லட்சம், கால் 100 லட்சம். அடுத்த வாரத்தில் இரண்டும் 50 லட்சம் என்றால், சேர்த்துப் பார்க்கும்போது பிசிஆர் 1.33. இந்த வாரம் காலாவதியான மறுகணம் மிச்சமிருப்பது 50-க்கு 50, விகிதம் 1. ஒருவரும் மனம் மாறவில்லை, ஒரு வர்த்தகமும் நடக்கவில்லை. எந்தெந்தக் காலாவதிகளைச் சேர்த்துக் கணக்கிட்டது என்று சொல்லாத பிசிஆரை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே மாலையில் இரண்டு செயலிகள் இரண்டு பிசிஆர் காட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ் - ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வு சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரே ஓர் எண்ணைக் கொண்டு நாளைய சந்தையைச் சொல்லிவிடலாம் என்று வரும் குறுஞ்செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொகைதான் நினைவுக்கு வருகிறது.

பிசிஆரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது கேள்வி கேட்க வைக்கும் எண். 0.8 திடீரென்று 1.2 ஆனால் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. புட் கூடியதால் ஏறியதா, கால் விற்றவர்கள் நஷ்டத்தில் மூடிக்கொண்டு போனதால் வகுக்கும் எண் சுருங்கி ஏறியதா என்று முதலில் பாருங்கள். பிறகு எந்த ஸ்டிரைக், எந்த வாரம், பிரீமியம் எந்தப் பக்கம் போனது, விக்ஸ் கூட வந்ததா என்று பாருங்கள். மேலே சொன்ன செவ்வாய்க்கிழமை மாலையில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. புதன் காலை ஒன்பதே கால் மணிக்குச் சந்தை திறக்கும்வரை நேரம் இருக்கிறது.