ஆணியா, ரிவெட்டா?

பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களில், பாத்திரங்களோடும் புத்தகங்களோடும் ஒரு கண்ணாடிப் புட்டியும் பயணம் செய்வதுண்டு. பழைய வீட்டின் சுவரிலிருந்து கழற்றியவை, கட்டிலைப் பூட்டிய பின் மிஞ்சியவை, எங்கிருந்து வந்தன என்றே தெரியாதவை ஆகிய சிறு இரும்புப் பொருள்கள் அதில் கலந்து கிடக்கும். தேவைப்படும்போது அவற்றுள் எது எது எனத் தெரிவதில்லை. தெரிந்தவர் ஒருவருக்கு அந்தப் புட்டியை ஒளிப்படம் எடுத்து அனுப்பிக் கேட்பது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது.

ஒளிப்படத்தில் பொருளைத் தொட இயலாது; எடை தெரியாது; காந்தம் வைத்துப் பார்க்கவும் முடியாது. வடிவம் ஒன்றே சான்று. எனவே வடிவத்தை எங்கே பார்ப்பது என்று அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் முதலில் தலையைப் பார்க்கின்றனர். ஆணிக்கும் தட்டையான வட்டத் தலை உண்டு, ரிவெட்டுக்கும் உண்டு, ஆங்கரின் வாய்ப்பகுதியும் மேலிருந்து பார்த்தால் ஒரு வட்டமே. ஆகவே தலை ஏமாற்றும். மறுமுனையும் உடலும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. ஒரு பொருள் எதை எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆணி தன் பக்கங்களால் பற்றுகிறது. மரத்தில் அடிக்கப்படும்போது அது மரத்தின் நார்களை விலக்கிக்கொண்டு உள்ளே செல்கிறது. விலகிய நார்கள் திரும்பி வந்து அதன் தண்டை நெருக்கிப் பிடிக்கின்றன. அவ்வாறு உட்செல்லக் கூர்முனை வேண்டும். கம்பியிலிருந்து செய்யப்படும் சாதாரண ஆணியின் முனை நான்கு சாய்ந்த பக்கங்கள் கூடி அமைந்தது. பட்டை தீட்டிய கல்லைப்போல் இருக்கும். தலைக்குச் சற்றுக் கீழே தண்டில் சில குறுக்குக் கோடுகளும் காணப்படும். ஆலையில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அதன் நுனியை அடித்துத் தலையாக்கும்போது, பிடித்த கருவி பதித்த தடங்கள் அவை. தெளிவான படத்தில் இந்த இரண்டும் தெரிந்தால் அது ஆணி என்பதில் ஐயமில்லை. (‘பசுமரத்தாணி போல’ என்னும் தொடர் பிறந்ததற்கும் இந்த நார்களே காரணம்: பச்சை மரத்தின் ஈர நார்கள் எளிதில் விலகி ஆணிக்கு இடம் கொடுக்கும்.)

வாஷர் எதையும் பற்றுவதில்லை. போல்ட்டின் தலையோ நட்டோ அழுத்தும் விசையை அகன்ற பரப்பில் பரப்புவதே அதன் வேலை. நடுவில் துளையுள்ள தட்டையான வளையமாதலால் அதை அறிவது எளிது. வளையம் ஓரிடத்தில் வெட்டப்பட்டு, வெட்டுமுனைகள் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக விலகியிருந்தால் அது ஸ்பிரிங் வாஷர். அதை உடைந்த வாஷர் என்று எண்ணி எறிந்துவிடுவோர் பலர். அவ்விலகலே அதற்குச் சுருள்வில்லின் தன்மையைத் தருகிறது.

ரிவெட் இரண்டு தலைகளால் பற்றுகிறது. தமிழில் இதைத் தறையாணி என்றும் கூறுவர். கடையில் வாங்கும்போது அதற்கு ஒரு தலைதான் இருக்கும். இரண்டு தகடுகளில் உள்ள துளைகளின் வழியே அதைச் செலுத்தி, மறுபுறம் நீண்டிருக்கும் முனையை அடித்துப் பரப்பினால் இரண்டாம் தலை உண்டாகிறது. துளை முன்பே இருப்பதால் அதற்குக் கூர்முனை தேவையில்லை. முனை மொட்டையாக இருக்கும். திருகவேண்டியதும் இல்லையாதலால் மரையும் இராது. கொல்கத்தாவில் 1943ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தின் எஃகுச் சட்டங்கள் இத்தகைய ரிவெட்டுகளால் இணைக்கப்பட்டவை. வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டியின் மூலைகளைத் தடவிப் பார்த்தாலும் அவற்றின் தலைகள் கைக்குத் தட்டுப்படும்.

புட்டிகளில் மிகுதியாகக் கிடப்பது இந்தத் திண்ம ரிவெட் அன்று. ‘பாப் ரிவெட்’ எனப்படும் குழல் ரிவெட்டே. குழப்பத்தை உண்டாக்குவதும் அதுவே. விளிம்புடன் கூடிய ஒரு சிறு அலுமினியக் குழல். அதனூடே மெல்லிய நீண்ட கம்பி. குழலின் அடியில் கம்பி சற்றுப் பருத்து ஒரு மணியைப்போல் முடியும். மறுபுறம் வால்போல் நீண்டிருக்கும். தகட்டின் பின்புறத்தை எட்ட முடியாத இடங்களில் இது பயன்படுகிறது. இதற்குரிய கருவி வாலைப் பிடித்து இழுக்கும்போது, பருத்த மணி குழலின் அடியை நசுக்கிப் பின்புறத்தில் விரியச் செய்கிறது. இழுப்பு மிகும்போது கம்பி ஒடிந்து வால் மட்டும் கருவியோடு வந்துவிடுகிறது. பயன்படுத்தாத பாப் ரிவெட்டைத் தண்டின் நடுவே சட்டையணிந்த ஆணி என்று எண்ணத் தோன்றும். ஒடிந்த வாலோ தலையில்லா ஆணியைப்போலவே இருக்கும். சிலவற்றின் வால் நுனி சற்றுக் கூராகவும் இருப்பதால் தேர்ந்தவர்களே தடுமாறுவதுண்டு. மறுநுனியைப் பார்த்தால் ஒடிந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். உடலில் கருவியின் பற்கள் கடித்த தடங்களும் தென்படலாம்.

ஆங்கர் என்பது கப்பலின் நங்கூரத்துக்குரிய ஆங்கிலப் பெயர். கடலடியில் நங்கூரம் ஊன்றிக்கொள்வதுபோல் இது சுவருக்குள் ஊன்றிக்கொள்கிறது. செங்கல்லுக்கு மரத்தைப்போல் நெருக்கிப் பிடிக்கும் நார்கள் இல்லை. ஆகவே அங்கே ஆணி செய்வதைச் செய்ய, துளைக்குள் சென்றபின் தானே பருக்கும் ஒரு பொருள் தேவை. இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சணல் நாரினால் இத்தகைய செருகியைச் செய்தார். இன்று நெகிழியால் செய்யப்படுவதற்கும் ‘ரால் பிளக்’ என்ற பெயர் வழங்குவது அவரால்தான். அதன் அடையாளம் பிளவு. உட்கூடான உடல் பாதிக்குக் கீழே இரண்டாகவோ நான்காகவோ பிளந்திருக்கும். புறத்தே பற்களும், துளைக்குள் சுழலாமல் தடுக்கும் சிறு சிறகுகளும் இருக்கும். உள்ளே திருகாணி செல்லச் செல்லப் பிளவு விரிந்து துளையின் சுவரை அழுத்தும். உலோக ஆங்கரிலும் இதே பிளவைக் காணலாம்: போல்ட்டின் மேல் பிளந்த ஓர் உலோகக் குழல், அடியில் கூம்பு. வேலையாட்கள் இதை ஃபாஸ்டனர் என்பர்.

இந்த அறிவு பயன்பட்ட ஒரு நிகழ்வைக் காணலாம். நாக்பூருக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பத்தில், தம்பி உறங்கும் கட்டிலுக்கு மேலே புத்தக அலமாரி ஒன்றை மாட்ட வேண்டியிருந்தது. தந்தை இன்னும் பழைய ஊரிலேயே பணியில் இருந்தார். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் புட்டியைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினாள்.

“அப்பா, தலையில்லாத ஆணிகள் ஒன்பது இருக்கின்றன. அவற்றை அடித்து மாட்டிவிடலாமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம் அம்மா. புட்டியின் வளைந்த கண்ணாடி பொருள்களை நீட்டியும் பருத்தும் காட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் கொட்டிப் பரப்பு. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வை. நேர் மேலிருந்து படமெடு” என்றார் அவர்.

நாணயத்தை வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். இரண்டாவது படத்தைத் திரையில் அளந்தபோது நாணயம் 54 மில்லிமீட்டர் இருந்தது. எனவே படத்தில் எல்லாம் இருமடங்காகத் தெரிகின்றன. அளந்ததில் பாதியே உண்மை அளவு. வாஷர் ஒன்று 24 இருந்தது. ஆகவே அது 12 மில்லிமீட்டர் அகலமுடையது, 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக இடப்படுவது. பிளவுபட்ட சாம்பல்நிறச் செருகிகள் 80 நீளமும் 16 பருமனும் காட்டின. அவை 40 மில்லிமீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் பருமனும் கொண்ட ரால் பிளக்குகள். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தாலோ, நாணயம் உயரமான ஒன்றின் மேல் இருந்தாலோ இந்தக் கணக்குப் பொய்த்துவிடும்.

ஒன்பது ‘ஆணிகளின்’ ஒடிந்த நுனிகளும் இப்போது தெளிவாகத் தெரிந்தன. அவை பாப் ரிவெட்டின் வால்கள். அவற்றால் ஒரு நாட்காட்டியைக்கூட நம்பி மாட்ட முடியாது. உண்மையான ஆணிகளும் படத்தில் இருந்தன. ஆனால் அவற்றையும் தந்தை ஏற்கவில்லை. செங்கல் சுவரின் மேல் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் பூச்சு இருக்கும். சிறிய ஆணி பூச்சில் மட்டுமே நிற்கும். புத்தகங்களின் சுமை ஏறினால் பூச்சு பெயர்ந்து அலமாரியோடு விழும். கீழே உறங்குவது குழந்தை. படத்தில் இருந்த ஒரே உலோக ஆங்கரையும் அவர் விலக்கினார். கான்கிரீட்டில் அது உறுதியாக நிற்கும். செங்கல்லில் அது விரியும் விசைக்குக் கல்லே பிளந்துவிடக்கூடும்.

எஞ்சியவை நான்கு ரால் பிளக்குகள். அலமாரிக்கு நான்குதான் வேண்டும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இரண்டின் பிளவு அகன்று கால் பரப்பியதுபோல் இருந்தது, பற்களும் தேய்ந்திருந்தன. அவை முன்பே ஒரு சுவரில் இருந்து பிடுங்கப்பட்டவை. ஒருமுறை விரிந்த பிளக் மறுமுறை அதே இறுக்கத்தைத் தராது. மற்ற இரண்டின் நெகிழி பழையதாகி நொறுங்கும் நிலையில் இருக்கிறதா என்பதைப் படம் காட்டாது. மகள் ஒன்றை விரலால் வளைத்துப் பார்த்தாள். அது முறிந்தது.

மறுநாள் தாயார் கடையில் 8 மில்லிமீட்டர் ரால் பிளக் நான்கும், 60 மில்லிமீட்டர் நீளத் திருகாணி நான்கும் வாங்கினார். வேலையாள் பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் பிளக் முழுவதும் அமையும்படி 55 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார். துளைக்கும் போது முதலில் வெளிவந்தது சாம்பல்நிறப் பூச்சுத் தூள். பிறகு செந்நிறத் தூள். செங்கல்லை அடைந்துவிட்டதை மகள் அந்த நிறமாற்றத்தால் அறிந்து தந்தைக்குச் சொன்னாள். கட்டிலையும் எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்திவிடுமாறு அவர் கேட்டுக்கொண்டார்.