அழித்தது தூசியா, மின்கம்பமா? லேபிள் சொல்லாத ரகசியம்!

2024 மே மாதம், ஏ.ஐ. கலந்த படங்களுக்கு ‘Made with AI’ என்ற லேபிளை ஒட்டத் தொடங்கியது மெட்டா நிறுவனம். கேமராவில் எடுத்த நிஜப் படங்களிலும் அந்த லேபிள் வந்து உட்கார, புகைப்படக் கலைஞர்கள் கொதித்துப் போனார்கள்.

பெட்டாபிக்சல் என்ற புகைப்பட இணையதளம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு படத்தில் இருந்த சின்னப் புள்ளியை போட்டோஷாப்பின் ‘Generative Fill’ கருவியால் அழித்து இன்ஸ்டாகிராமில் போட்டால், லேபிள் விழுந்தது. பழைய ‘Spot Healing Brush’ கருவியால் அழித்தால், விழவில்லை. இரண்டிலுமே புள்ளி காணாமல் போயிருந்தது. லேபிள் மட்டும்தான் வேறு!

காரணம் எளிது. ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தும்போது, ‘இங்கே ஏ.ஐ. வேலை செய்தது’ என்ற குறிப்பை போட்டோஷாப் படத்தின் ஃபைலுக்குள் எழுதிவிடுகிறது. இன்ஸ்டாகிராம் படித்தது அந்தக் குறிப்பைத்தான். எதை அழித்தார்கள், எவ்வளவு அழித்தார்கள் என்பது லேபிளில் வராது. தூசியை அழித்தாலும், வாடகை வீட்டு விளம்பரத்தில் வாசலை மறைக்கும் மின்கம்பத்தையே அழித்தாலும் ஒரே லேபிள்தான். புகார்கள் குவிந்ததால், ஜூலையில் அதன் பெயரை ‘AI info’ என்று மாற்றியது மெட்டா.

அப்படியானால் அழித்தது என்ன என்று தெரிந்துகொள்ளவே முடியாதா? சில படங்களில் முடியும். அதற்கு உதவுவது ‘Content Credentials’. படத்தை எந்தக் கேமரா எடுத்தது, எந்த மென்பொருள் திருத்தியது போன்ற விவரங்களை டிஜிட்டல் கையெழுத்துடன் ஃபைலுக்குள்ளேயே வைக்கும் முறை இது. லைக்கா எம்11-பி கேமராவிலும், கூகுள் பிக்சல் 10 போனிலும் இந்த வசதி இருக்கிறது.

contentcredentials.org/verify பக்கத்தில் படத்தைப் போட்டால் இந்த விவரங்கள் தெரியும். திருத்துவதற்கு முந்தைய படத்தின் சிறிய வடிவமும் உள்ளே சேமிக்கப்பட்டிருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பழைய படத்தில் மின்கம்பம் நின்றால், குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

ஆனால், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே இந்த விவரங்கள் அத்தனையும் போய்விடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக போட்டோவாக அனுப்பினாலும் அப்படித்தான். அதனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், படத்தை ‘Document’ ஆக அனுப்பச் சொல்லி, அந்த ஃபைலைச் சோதித்துப் பாருங்கள். விவரம் எதுவும் வரவில்லை என்றால், படம் பொய் என்று அர்த்தமில்லை. நிஜம் என்றும் அர்த்தமில்லை. அப்போது நேரில் போய் வாசலைப் பார்ப்பதுதான் ஒரே வழி!