‘ஃபிட்’ என்ற ஒரு வார்த்தை போதாது

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் குடோனில் வேலை பார்ப்பவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 வாரம் லீவு முடிந்து வருகிறார். ஃபிட்னஸ் சர்டிபிகேட் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்கிறது அலுவலகம். அவர் டாக்டரிடம் போய், ‘குணமடைந்துவிட்டார், பணிக்குத் திரும்பலாம்’ என்று ஒரே வரியில் எழுதி வாங்கி வருகிறார். அன்று மதியமே 40 கிலோ மோட்டாரைத் தூக்கி லாரியில் ஏற்றச் சொல்கிறார் சூப்பர்வைசர்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. டாக்டர் தையலைப் பார்த்தார், புண் ஆறியிருந்தது. ஆனால் இவர் என்ன வேலை செய்கிறார் என்று அவருக்குத் தெரியாது. வெளித்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். வயிற்றுச் சுவர் வலுப்பெற அதைவிட நாளாகும். அதனால்தான் 4 முதல் 6 வாரம் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மேஜையில் உட்கார்ந்து பில் போடுகிறவருக்கு அந்த ஒற்றை வரிச் சான்று போதும். குடோன்காரருக்கு அது ஆபத்து.

ஆகவே, டாக்டரிடம் போகும்போதே தன் வேலையைச் சொல்ல வேண்டும்: எவ்வளவு எடை, எத்தனை மணி நேரம் நிற்பது, இரவு ஷிப்ட் உண்டா, வண்டி ஓட்டுவதா, இயந்திரமா. கம்பெனியே இதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது. அப்போது கிடைக்கும் கடிதம் வேறு மாதிரி இருக்கும்: ‘இவரைப் பரிசோதித்தேன். இவருடைய பணியின் தன்மையை அறிவேன். வரும் திங்கள்கிழமை முதல் வேலைக்கு வரலாம். முதல் 4 வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. சரக்கு சரிபார்த்தல், பதிவேடு எழுதுதல் போன்றவற்றைச் செய்யலாம். 4 வாரம் கழித்து மறுபரிசோதனை.’ கீழே தேதி, கையெழுத்து, டாக்டரின் பதிவு எண். நோயின் பெயர் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘லைட் ட்யூட்டி தரவும்’ என்று மட்டும் எழுதினால் கம்பெனிக்கு ஒன்றும் விளங்காது. எடையும் காலக்கெடுவும் வேண்டும்.

முதலாளி நியாயமாகக் கேட்கக்கூடியதும் இவ்வளவுதான்: வேலை செய்ய முடியுமா, எப்போதிலிருந்து, என்ன கட்டுப்பாடு, எத்தனை நாளுக்கு. வேலை மற்றவர்களின் உயிரைத் தொடும்போது கேள்வி கூடலாம். வலிப்பு வந்த பஸ் டிரைவரிடம் ஓட்டலாமா என்று தெளிவாகக் கேட்பதும், டைபாய்டு வந்த கேன்டீன் சமையற்காரரிடம் தொற்று நீங்கியதா என்று கேட்பதும் முதலாளியின் கடமை. சான்றில் சந்தேகம் வந்தால் டாக்டரை விசாரித்து அது அவர் கொடுத்ததுதானா என்று உறுதிசெய்யலாம். கம்பெனி தன் செலவில் வேறு டாக்டரிடம் அனுப்பலாம். அந்த டாக்டரும் இதே நாலு கேள்விக்குத்தான் பதில் தர வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் கேட்பது வேறு விஷயம். ஒரு பெண்ணின் கர்ப்பப்பை ஆபரேஷன் விவரம் எச்.ஆர். மேஜையில் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. டாக்டருக்கும் கட்டுப்பாடு உண்டு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள்படி நோயாளியின் ரகசியத்தை அவர் வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, பிறருக்குக் கடுமையான ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் போன்றவை விதிவிலக்கு. ஆகவே உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஆர். போன் செய்து நோயை விசாரித்தால் அவர் மறுப்பதுதான் முறை. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது: வேலையில் சேர்க்கவோ தொடரவோ அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்க முடியாது.

அரசு ஊழியர் கதை கொஞ்சம் வேறு. மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு எடுத்தவர் தகுதிச் சான்று இல்லாமல் பணியில் சேர முடியாது என்பது அடிப்படை விதி 71. மத்திய அரசு ஊழியருக்கான படிவம் 5-இல், விடுப்புக்குக் காரணமான முந்தைய சான்றையும் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்ததாக டாக்டர் உறுதி சொல்கிறார். பழைய சான்றின் நகலை உடன் எடுத்துப் போகாவிட்டால் அங்கேயே அலைச்சல்தான்.

ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு டிஸ்பென்சரி டாக்டர் தரும் இறுதிச் சான்றுதான் இந்த வேலையைச் செய்கிறது. நோய்க்கால உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முடியாது என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு. உடம்பு தேறாமல், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அந்த இறுதிச் சான்றை அவசரப்பட்டுக் கேட்டு வாங்க வேண்டாம்.

நம் குடோன்காரர் அந்த விவரமான கடிதத்தின் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அசலைக் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் கையெழுத்து வாங்க வேண்டும். சூப்பர்வைசருக்கு எடைக் கட்டுப்பாடு மட்டும் தெரிந்தால் போதும், கடிதம் எச்.ஆர். கோப்பிலேயே இருக்கட்டும். 4 வாரம் முடிந்து மறுபரிசோதனைக்குப் போய், கட்டுப்பாடு நீங்கியது என்று இரண்டாவது கடிதம் வாங்கி வரும் வரை அவர் மோட்டாரைத் தொடத் தேவையில்லை.