புறக்கோட்டைக்குப் போகும் நாளில்

எங்கள் ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. வளவுக்குள் கிணறு, கொல்லைப்புறத்தில் மலசலகூடம். இவற்றைத் தேடித் திரிய வேண்டிவரும் என்பது கொழும்புக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது.

சாச்சியின் கலியாணத்துக்குத் துணி எடுக்க உம்மாவுடன் புறக்கோட்டைக்குப் போனேன். "வழியில தண்ணி குடிக்காதே, பிறகு எங்க போறது?" என்றார் உம்மா. நம் பெண்கள் பலரின் வழக்கம் இதுதான். நண்பகலில் எனக்குத் தலையிடி. மாலையில் சிறுநீர் கடும் மஞ்சளாகி எரிந்தது. நீர் குறைந்தால் சிறுநீர் செறிவாகிப் பையை உறுத்தும். அடக்கிவைத்தால் கிருமி பெருக இடமும் கிடைக்கும். ஆகவே குடிப்பதை நிறுத்துவதை விட, போகும் இடத்தை முன்கூட்டியே தெரிந்துவைப்பதுதான் வழி.

புறக்கோட்டையின் அமைப்பே இதில் சிக்கல். கோட்டைப் புகையிரத நிலையமும் பஸ் நிலையங்களும் ஒல்கொட் மாவத்தைப் பக்கம் இருக்கின்றன. பொது மலசலகூடங்களும் அங்கேதான். துணிக்கடைகளோ பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும். சனநெரிசலில் திரும்பி வரக் கால் மணித்தியாலம் பிடிக்கும். அதனால் புகையிரதத்தில் வந்தால் நிலையத்தை விட்டு வெளியேற முன்பும், பஸ்ஸில் வந்தால் இறங்கிய உடனும், அவசரம் இல்லாவிட்டாலும் போய்விட வேண்டும். பஸ் நிலையத்தில் காசு கேட்பார்கள். சில்லறை கையில் இருக்கட்டும். கதவைச் சாத்த முன் குழாயைத் திறந்து பாருங்கள், கொண்டியையும் பாருங்கள். நான் இரண்டு போத்தல் கொண்டுபோவேன்: ஒன்று குடிக்க, மற்றது குழாயில் தண்ணீர் வராவிட்டால் சுத்தம் செய்ய.

கடைத்தெருவுக்குள் சென்றபின் கிடைப்பவை இரண்டு. ஒன்று, பெண்களுக்குத் தொழுகையிடம் உள்ள பள்ளிவாசல். வுழூச் செய்யும் இடமும் மலசலகூடமும் அங்கே இருக்கும், சற்று உட்காரலாம். எல்லாப் பள்ளிகளிலும் இந்த வசதி இல்லை; வாசலில் நிற்பவரிடம் கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மற்றது, துணிக்கடை. பெரிய கடைகளில் ஊழியர்களுக்கென்று மேல்மாடியில் ஒன்று இருக்கும். காசு கட்டிய பின் கேட்டால் "இல்லை" என்பதும் உண்டு. துணி மேசையில் விரிந்து கிடக்கும்போதே உம்மா கேட்டார். கடைக்காரப் பெண்ணே கூட்டிப் போனாள்! இருக்க ஒரு ஸ்டூலும் போட்டுத் தந்தாள்.

தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சில மிடறு குடித்தால் திடீர் நெருக்கடி வராது. கடையில் போத்தல் வாங்கினால் மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை போனபோது உம்மா காலையிலேயே என் போத்தலை நிரப்பி வைத்திருந்தார். தன்னுடையதை அரைவாசிதான் நிரப்பியிருந்தார்.